பள்ளி கிரிக்கெட் போட்டி: ஆட்ட வரிசையையும் வர வேண்டிய நேரத்தையும் குழப்பமில்லாமல் அறிவிப்பது எப்படி?

கேள்வி: ஜனவரி கடைசிச் சனி, ஞாயிறில் எங்கள் பள்ளியில் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான 12 ஓவர் நாக்-அவுட் போட்டி நடத்துகிறோம். எட்டுப் பள்ளிகள், ஒரே மைதானம். போன வருடம் எல்லா அணிகளையும் காலை எட்டு மணிக்கே வரச் சொல்லிவிட்டோம். கடைசி ஆட்டத்துப் பையன்கள் மூன்று மணி வரை வெயிலில் காய்ந்தார்கள், பெற்றோர்கள் சத்தம் போட்டார்கள். இந்த முறை எப்படி நேரம் போட்டு, எப்படி அறிவிப்பது?

பதில்:

உங்கள் போன வருட நோட்டீஸில் "காலை 8 மணி" என்று மட்டும்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதை ஒரு பி.இ.டி. ஆசிரியர் முதல் பந்து போடும் நேரம் என்று படிப்பார். இன்னொருவர் மைதானத்தில் வந்து நிற்க வேண்டிய நேரம் என்று படிப்பார். பையனின் அப்பாவோ, அவனைப் பள்ளி வாசலில் கொண்டுவந்து விட வேண்டிய நேரம் என்று எடுத்துக்கொள்வார். மூன்று பேர் படித்ததிலும் தப்பில்லை, எழுதியதில்தான் தப்பு. அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வர வேண்டிய நேரம், டாஸ், ஆட்டத் தொடக்கம் என மூன்று நேரத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும். மூன்றும் நடுவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் போகும். பெற்றோருக்கு மூன்றும் அப்படியே தேவையில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பெரியவர்கள் ஓர் ஓவரை நாலு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். 14 வயதுப் பையன்கள் ஆட்டத்தில் வைடு நிறைய வரும், பந்து வேலி தாண்டிப் போகும், பேடு கட்டத் தெரியாத பையன் விக்கெட் விழுந்த பிறகுதான் கட்ட ஆரம்பிப்பான். ஓவருக்கு நாலரை நிமிடம் வையுங்கள். 12 ஓவருக்கு 54 நிமிடம், இரண்டு இன்னிங்ஸுக்கு 108, நடுவில் 10 நிமிட இடைவேளை. மொத்தம் 118 நிமிடம், அதாவது இரண்டு மணி நேரம். ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்க 15 நிமிடம் வேண்டும். கிரீஸுக்குச் சுண்ணாம்பு போட வேண்டும், மேட் என்றால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும், ஸ்கோரர் ஒரு டீ குடிக்க வேண்டும். ஆக, ஆட்டத்துக்கு இரண்டேகால் மணி நேரம். இதில் கஞ்சத்தனம் பண்ணினால் பகல் முழுக்க அதற்கு வட்டி கட்டுவீர்கள். முதல் ஆட்டத்தில் விட்ட பத்து நிமிடம் நாலாவது ஆட்டத்தில் முக்கால் மணி நேரமாக வந்து நிற்கும்.

ஜனவரி கடைசியில் தமிழ்நாட்டில் சூரியன் உதிக்கவே ஆறரையைத் தாண்டும், புல்லில் பனியும் இருக்கும். எட்டு மணிக்கு முன் தொடங்குவதில் அர்த்தமில்லை. எட்டு மணியில் தொடங்கினால் சனிக்கிழமையின் நாலு காலிறுதிகளும் 8.00, 10.15, 12.45, 3.00 என்று அமையும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கூடுதலாகக் கால் மணி நேரம் விட்டிருக்கிறேன். அது நடுவர்களுக்கும் ஸ்கோரருக்கும் சாப்பாட்டுக்கு, காலையில் விட்ட நிமிடங்களை எடுத்துக்கொள்ளவும் அதுவே இடம். நாலாவது ஆட்டம் ஐந்து மணிக்கு முடியும். சூரியன் ஆறேகாலை ஒட்டித்தான் மறையும் என்பதால், எல்லாம் அரை மணி, முக்கால் மணி தள்ளிப்போனாலும் பந்து கண்ணுக்குத் தெரியும். ஞாயிறு எட்டு மணிக்கு முதல் அரையிறுதி, பத்தேகாலுக்கு இரண்டாவது, மூன்று மணிக்கு இறுதி. இரண்டாவது அரையிறுதியில் ஜெயித்த அணிக்கு இரண்டே முக்கால் மணி நேர ஓய்வு கிடைக்கும். மூன்றாம் இடத்துக்கு ஓர் ஆட்டம் வைக்கலாமே என்று யாராவது கமிட்டியில் கேட்பார்கள். அந்த ஓய்வு நேரத்தில்தான் அதை நுழைக்க முடியும், அரையிறுதியில் தோற்ற பையன்கள் உச்சி வெயிலில் ஆட வேண்டியிருக்கும். நான் வைப்பதில்லை.

அடுத்து, யார் எந்த நேரத்தில் ஆடுவது. இங்கே பலர் செய்வது, யாரோடு யார் என்பதையும் எந்த நேரம் என்பதையும் ஒரே சீட்டில் குலுக்கிவிடுவது. பார்வைக்கு நியாயம்தான். ஆனால் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளிக்கு எட்டு மணி ஆட்டம் விழுந்தால், அந்தப் பையன்களை நாலு மணிக்கு எழுப்ப வேண்டும். அதனால் யாரோடு யார் என்பதற்கு மட்டும் சீட்டு. எட்டுப் பள்ளி ஆசிரியர்களையும் கூப்பிட்டு, அவர்கள் கண் முன்னால் ஒரு சின்னப் பையனை எடுக்கச் சொல்லுங்கள். டிராவின் மேல் பாதியில் இரண்டு ஆட்டம், கீழ்ப் பாதியில் இரண்டு ஆட்டம் வரும். மிகத் தொலைவிலிருந்து வரும் பள்ளி எந்தப் பாதியில் இருக்கிறதோ அந்தப் பாதி மதியம் ஆடும். இந்த விதியைச் சீட்டு எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எடுத்த பிறகு சொன்னால், "உங்களுக்கு வேண்டியவர்களுக்குச் சாதகமாக மாற்றிவிட்டீர்கள்" என்ற பேச்சு கட்டாயம் வரும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. காலையில் ஆடிய இரண்டு ஆட்டங்களின் வெற்றியாளர்கள் ஞாயிறு எட்டு மணிக்கும், மதியம் ஆடியவர்கள் பத்தேகாலுக்கும் அரையிறுதி ஆடுவார்கள். தொலைவுப் பள்ளி ஞாயிறும் விடியலில் கிளம்ப வேண்டியதில்லை. சனி மாலை தாமதமாக ஆடியவர்களுக்கு இரவு தூக்கமும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் எந்த அணியில் இருக்கிறார்கள், எந்தப் பள்ளியில் சனிக்கிழமை பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்றெல்லாம் பெயர் கொடுக்கும் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்பா என்று யோசிக்க வேண்டாம், வேன் டிரைவரும் பி.இ.டி. ஆசிரியரும் அந்த வகுப்புக்கும் வேண்டும் என்பதுதான் பல பள்ளிகளின் நிலைமை.

இப்போது அறிவிப்பின் முக்கியமான வாக்கியம். எட்டு மணி ஆட்டத்துக்கு மட்டும்தான் நீங்கள் உறுதியான தொடக்க நேரம் தர முடியும். மற்ற மூன்றும் முந்தைய ஆட்டத்தைப் பொறுத்தவை. ஆகவே அவற்றுக்கு நேரம் மட்டும் போடாமல் "10.15க்கு முன் தொடங்காது" என்று எழுதுங்கள். டென்னிஸ் போட்டிகளில் பின்வரும் சில ஆட்டங்களுக்கு இப்படி அறிவிப்பது உண்டு. தள்ளிப்போகலாம், முன்னால் வராது என்பது இந்த ஒரு வரியிலேயே எல்லாருக்கும் புரிந்துவிடும்.

முன்னால் வராது என்பதை நீங்களும் காப்பாற்ற வேண்டும். ஓர் அணி 38 ரன்னுக்குச் சுருண்டு, எதிரணி ஆறே ஓவரில் அடித்துவிடும். மணி ஒன்பதேகால்தான் ஆகியிருக்கும். அடுத்த இரு அணிகளும் வந்திருந்தால், சும்மா ஏன் காத்திருக்க வேண்டும், ஆரம்பித்துவிடலாம் என்று கை பரபரக்கும். ஆரம்பிக்காதீர்கள். பத்தேகால் என்று நம்பி பர்மிஷன் போட்டுவிட்டு வரும் அம்மா, மகன் பேட்டிங் முடிந்த பிறகு வந்து நிற்பார். மழை மேகம் திரண்டு வந்தால் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் இரண்டு பள்ளி ஆசிரியர்களும் ஸ்கோர் புக்கிலேயே சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான்.

வர வேண்டிய நேரம் தொடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு. அதிகம் என்று தோன்றலாம், காரணம் சான்றிதழ் மேஜை. ஓர் அணிக்கு 14 பையன்கள், இரண்டு அணிக்கு 28. பிறப்புச் சான்றிதழ், பள்ளியின் போனஃபைட், போட்டோ மூன்றையும் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆளுக்கு ஒன்றரை நிமிடமாவது ஆகும். ஒரே மேஜை என்றால் 42 நிமிடம். இரண்டு மேஜை போட்டால் அணிக்கு ஒன்றாக 21 நிமிடத்தில் முடியும், மீதி நேரத்தில் பையன்கள் ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளலாம். முந்தைய நாளே நகல்களை வாங்கிப் பார்த்துவிட முடிந்தால் இந்த ஒரு மணி நேரத்தை 40 நிமிடமாகக் குறைக்கலாம். ஆனால் வயதுப் பிரச்சினை கிளம்புவது எப்போதுமே மைதானத்தில், எதிரணி ஆசிரியர் ஒரு பையனின் மீசையைப் பார்த்த பிறகுதான். முதல் வருடம் ஒரு மணி நேரமே இருக்கட்டும்.

டாஸ் நேரத்துக்கு விதிப் புத்தகமே வழி சொல்கிறது. ஆட்டத்துக்கு 30 நிமிடத்துக்கு முன்பாகவும் கூடாது, 15 நிமிடத்துக்குக் குறைவாகவும் கூடாது என்பது கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி.யின் விதி. டாஸுக்கு முன் பதினோரு பேர் பட்டியலை நடுவரிடம் எழுத்தில் தர வேண்டும். நான் 20 நிமிடம் முன்பு வைப்பேன். நடுவர்கள் 45 நிமிடம் முன்பே மைதானத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதியில் உள்ளது. அவர்களுக்கும் நேரத்தை எழுத்தில் அனுப்புங்கள், அவர்களை மறப்பதுதான் வழக்கம்.

ஆசிரியர்களுக்குப் போகும் அறிவிப்பு இப்படி இருக்கலாம். அ, ஆ என்று எழுத்து இருக்கும் இடத்தில் பள்ளியின் பெயரை ஊரோடு முழுதாக எழுதுங்கள். "அரசு மேல்நிலைப் பள்ளி" என்று மட்டும் எழுதினால், ஆண்கள் பள்ளியா, பக்கத்து ஊர்ப் பள்ளியா என்று போன் மேல் போன் வரும்.

அறிவிப்பு 1 – புதன் மாலை 5 மணி
சனிக்கிழமை, காலிறுதி

முதல் ஆட்டம்: அ – ஆ
வர வேண்டியது காலை 7.00, டாஸ் 7.40, தொடக்கம் காலை 8.00

இரண்டாம் ஆட்டம்: இ – ஈ
வர வேண்டியது காலை 9.15, டாஸ் 9.55, காலை 10.15க்கு முன் தொடங்காது

மூன்றாம் ஆட்டம்: உ – ஊ
வர வேண்டியது காலை 11.45, டாஸ் பகல் 12.25, பகல் 12.45க்கு முன் தொடங்காது

நான்காம் ஆட்டம்: எ – ஏ
வர வேண்டியது பகல் 2.00, டாஸ் 2.40, பிற்பகல் 3.00க்கு முன் தொடங்காது

வர வேண்டிய இடம்: மைதானத்தின் தெற்கு கேட், சான்றிதழ் மேஜை.

இதில் "ஆட்டம் 4" என்று எண்ணில் எழுதாமல் "நான்காம் ஆட்டம்" என்று எழுத்தில் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நாங்கள் ஒரு வருடம் டிரா அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினோம். கட்டத்துக்குள் "ஆட்டம் 4" என்று இருந்ததை ஒரு தகப்பனார் நாலு மணி ஆட்டம் என்று படித்துவிட்டார். மூன்று மணி ஆட்டத்துக்கு அவர் பையன், அணியின் விக்கெட் கீப்பர், மூன்றே முக்காலுக்கு வந்து இறங்கினான். அன்றிலிருந்து எண் என்றால் அது மணிதான், வரிசை என்றால் எழுத்துதான். அதே போல 12.45 என்றால் பகலா இரவா என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் ஒவ்வொரு தொடக்க நேரத்தோடும் காலை, பகல், பிற்பகல் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றுக்குப் போட்டு இன்னொன்றுக்கு விட்டால்தான் சந்தேகம் கிளம்பும்.

பெற்றோருக்கு இந்தப் பட்டியலை அப்படியே அனுப்பாதீர்கள். எட்டு அணிகளின் நேரத்தில் தன் மகனுடையதைத் தேடும் வேலையை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. டாஸ் நேரமும் அவர்களுக்கு வேண்டாம். ஒவ்வொரு பள்ளி ஆசிரியரும் தன் அணிப் பெற்றோருக்கு மட்டும், பள்ளியிலிருந்து வேன் கிளம்பும் நேரத்தையோ மைதானத்தில் விட வேண்டிய நேரத்தையோ போட்டு ஒரு தனிச் செய்தி அனுப்ப வேண்டும். அதில் கட்டாயம் இருக்க வேண்டியது, எப்போது திரும்பக் கூட்டிப் போகலாம் என்பது. எல்லாரும் மறப்பதும் அதைத்தான். மூன்றாம் ஆட்டத்துப் பையன் வீட்டுக்கு இப்படி எழுதலாம்: "சனிக்கிழமை காலை 11 மணிக்குள் லேசாகச் சாப்பிட வைத்து, 11.45க்கு மைதானம் தெற்கு கேட்டில் விடவும். தண்ணீர் பாட்டில், தொப்பி, பிறப்புச் சான்றிதழ் நகல் அவசியம். ஆட்டம் பகல் 12.45க்கு முன் தொடங்காது. மூன்று மணிக்கு மேல் கூட்டிப் போகலாம். ஜெயித்தால் ஞாயிறு காலை 9.15க்கு மறுபடி வர வேண்டும், இறுதிக்கும் தேர்வானால் அன்று மாலை ஐந்தரை வரை ஆகும்."

அந்தக் கடைசி வரி புதன்கிழமையே போய்விட வேண்டும். ஜெயித்த பிறகு, சனி இரவு முதன்முதலாகச் சொன்னால், ஞாயிறு கல்யாணத்துக்குப் போக டிக்கெட் எடுத்த குடும்பம் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடும். உங்கள் அரையிறுதியில் ஓர் அணி பத்துப் பேரோடு நிற்கும்.

சாப்பாட்டு நேரத்தைச் சும்மா சேர்க்கவில்லை. 11.45க்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னால், பாதிப் பையன்கள் பசியோடு வருவார்கள், மீதிப் பேர் 12 மணிக்கு டிஃபன் பாக்ஸைத் திறந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு 12.45க்கு ஓடுவார்கள். இரண்டுமே வாந்தியில் முடியும்.

வாட்ஸ்அப் பற்றி இரண்டு விஷயம். ஆசிரியர்கள் குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி வையுங்கள், இல்லாவிட்டால் "நன்றி சார்" என்ற இருபது பதிலுக்குக் கீழே நேரம் புதைந்துபோகும். படமாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்புங்கள், அப்போதுதான் ஆசிரியர் தன் அணிக்குரிய வரியை மட்டும் எடுத்துப் பெற்றோருக்கு அனுப்ப முடியும். நேரம் மாறினால் பழைய செய்தியை அழிப்பதால் பிரயோஜனமில்லை, அது ஏற்கெனவே பத்துக் குழுக்களுக்கு ஃபார்வர்டு ஆகியிருக்கும். அதற்காகத்தான் தலைப்பில் "அறிவிப்பு 1 – புதன் மாலை 5 மணி". அடுத்தது "அறிவிப்பு 2", அதன் முதல் வரியே "அறிவிப்பு 1 செல்லாது" என்று இருக்க வேண்டும். மாறிய ஒரு வரியை மட்டும் அனுப்பாமல் முழுப் பட்டியலையும் திரும்பப் போடுங்கள்.

நீல டிக்கை நம்பாதீர்கள். எட்டு ஆசிரியர்களும் "அறிவிப்பு 2 கிடைத்தது" என்று உங்கள் தனி எண்ணுக்கு எழுத வேண்டும். வெள்ளி மாலை ஆறு மணிக்குள் எழுதாதவருக்குப் போன் போடுங்கள், பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். பல வீடுகளில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், இரவு வரும்போது சார்ஜ் இருக்காது. அந்தப் பிள்ளைகளுக்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டுதான் வழி. வெள்ளிக்கிழமை கடைசி மணி அடிப்பதற்கு முன் கொடுக்கச் சொல்லுங்கள்.

தாமத விதியையும் அதே அறிவிப்பில் சேர்த்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் அன்று வாசலில் வாதாட வேண்டியிருக்கும். நான் வைத்திருக்கும் விதி இது. தொடக்கத்துக்கு 15 நிமிடம் இருக்கும்போதும் கேப்டனும் பட்டியலும் வரவில்லை என்றால் டாஸ் எதிரணிக்கு. தொடக்க நேரம் தாண்டினால் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் தாமதித்த அணியின் பேட்டிங்கில் ஓர் ஓவர் குறையும். அரை மணி நேரம் ஆனால் வாக்ஓவர். வர வேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிடம் பிந்தி வருவதற்குத் தண்டனை கிடையாது, சான்றிதழ் பார்க்கவும் ஓடிப் பழகவும் நேரம் குறைவதே போதும். ரயில்வே கேட் மூடியிருந்தது என்பார்கள், உண்மையாகவே மூடியிருந்திருக்கும். வேன் கிளம்பியதும் ஒரு போன் செய்யும்படி சொல்லிவைத்தால், கேட்டில் நிற்பவரையும் இன்னும் கிளம்பாதவரையும் பிரித்து அறியலாம். போன் வந்திருந்தால் நான் வாக்ஓவரை இன்னொரு 15 நிமிடம் தள்ளுவேன். இந்தச் சலுகையும் எழுத்தில் இருக்கட்டும், ஆளைப் பார்த்துக் கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது.

அப்புறம், நீங்களே தாமதப்படுத்தும் நாள். அரை மணிக்குள் என்றால் யாருக்கும் செய்தி அனுப்பாதீர்கள், "முன் தொடங்காது" என்ற வரி அதைத் தாங்கிக்கொள்ளும். அரை மணிக்கு மேல் என்றால், இன்னும் கிளம்பாத அணிக்கு மட்டும் வர வேண்டிய நேரத்தை மாற்றுங்கள். கிளம்பிவிட்ட அணியைத் திருப்பி அனுப்ப முடியாது, அவர்களுக்கு நிழலில் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்க வேண்டும். போன வருடம் உங்கள் பெற்றோர்கள் சத்தம் போட்டதில் பாதி காத்திருந்ததற்காக, மீதி வெயிலுக்காக. மைக்கில் சொல்லும்போது அடுத்த ஆட்டத்தின் இரு பள்ளிப் பெயர்களையும் ஊரோடு இரண்டு முறை சொல்லுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மைக் கையில் கிடைத்தால் நன்கொடையாளர் பெயர்கள் எல்லாம் வந்து, நேரம் மட்டும் யார் காதிலும் விழாமல் போகும்.

மழைக்கு ஜனவரி கடைசியில் வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் ஒரு வரி: "சனி காலை 5.30க்குள் செய்தி வராவிட்டால் ஆட்டம் உண்டு." 5.30 என்பது முதல் ஆட்டத்துப் பள்ளிகள் பையன்களை எழுப்பும் நேரம். தொலைவுப் பள்ளி மதியம்தான் ஆடுகிறது, ஆகவே அவர்களுக்கு ஒன்பது மணிக்கு இன்னொரு முறை உறுதி செய்தால் போதும்.

சனிக்கிழமை நாலாவது ஆட்டம் முடிந்ததும், நாற்காலிகளை எடுத்து அடுக்குவதற்கு முன், ஞாயிறு அறிவிப்பை அனுப்பிவிடுங்கள். மாலை ஆறு மணியைத் தாண்ட விடாதீர்கள். அரையிறுதி நேரங்களோடு இறுதிக்கு "பிற்பகல் 3.00க்கு முன் தொடங்காது" என்பதையும் சேர்த்து, நாலு அணிகளுக்கும் ஒரே செய்தியாக அனுப்புங்கள். தோற்ற நாலு பள்ளி ஆசிரியர்களுக்கும் அது போகட்டும், பரிசளிப்பு மாலை ஐந்தரைக்கு என்ற வரியோடு. அவர்களில் ஒருவரை ஞாயிறு ஸ்கோருக்கு உட்காரக் கூப்பிட வேண்டியிருக்கும்.